பருப்பு வடை ஏன் நமத்துப்போகிறது? எண்ணெயின் சூடும் மாவின் ஈரமும் குறித்த முழுமையான வழிகாட்டி

ஒரே மாவில், ஒரே வாணலியில் சுட்ட பருப்பு வடைகளில் முதல் ஈடு மொறுமொறுப்பாக வருவதும், கடைசி ஈடு எண்ணெய் குடித்துத் தளர்ந்துபோவதும் வீடுகளில் அன்றாடம் நடப்பதுதான். பருப்பு நன்றாக ஊறவில்லை, அடுப்பில் தீ போதவில்லை, எண்ணெய் மட்டமானது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையில் இதன் பின்னால் இருப்பவை இரண்டே: மாவிலிருந்து வெளியேறும் நீரின் அளவு, அந்த நீரை ஆவியாக்கும் அளவுக்கு எண்ணெயில் இருக்கும் வெப்பம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எப்படி ஈடுகொடுக்கின்றன என்பதைப் பருப்பு வடையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊறவைப்பதிலிருந்து தட்டில் வைப்பது வரை இங்கே விளக்குகிறேன். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம் வீடுகளில் புழங்கும் பாமாயிலையும் இங்குள்ள வெப்பமான, ஈரமான காற்றையும் கணக்கில் கொண்டே அளவுகளைத் தந்திருக்கிறேன். டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ் என்று கொள்க.

குறை ஒன்றல்ல, இரண்டு

மொறுமொறுப்பு இல்லாத வடைகள் எல்லாம் ஒரே வகையில் கெட்டவை அல்ல. முதல் வகை, எண்ணெய் குடித்த வடை. சட்டியிலிருந்து எடுக்கும்போதே அதன் மேற்புறம் வெளிறி இருக்கும்; காகிதத்தில் வைத்தால் அகலமான கறை படரும்; பிட்டுப் பார்த்தால் விரல் நுனி பளபளக்கும். இரண்டாம் வகை, நமத்துப்போன வடை. இது எடுக்கும்போது நல்ல பொன்னிறமாக, கடித்தால் சத்தம் வரும்படி இருக்கும். ஆனால் பத்து நிமிடத்திற்குள் அதன் ஓடு தோல்போல இழுபடத் தொடங்கும். விரலில் எண்ணெய் ஒட்டாது. நடுப்பகுதியைத் தொட்டால் ஈரமாக இருக்கும்.

இவற்றைப் பிரித்தறிவது ஏன் முக்கியமென்றால், இரண்டிற்கும் பரிகாரம் எதிரெதிரானது. முதல் வகைக்கு எண்ணெயின் சூடு கூட வேண்டும், அல்லது ஒரு ஈட்டில் இடும் வடைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். இரண்டாம் வகைக்குச் சூட்டைச் சற்றுக் குறைத்து, கூடுதல் நேரம் வேகவிட வேண்டும். பெரும்பாலோர் இரண்டு குறைக்கும் தீயைக் கூட்டுவதையே வழியாகக் கொள்கிறார்கள். நமத்துப்போகும் வடைக்குத் தீயைக் கூட்டினால் ஓடு இன்னும் விரைவாகச் சிவக்கும், உள்ளே இன்னும் அதிக நீர் தங்கும், வடை முன்பைவிட விரைவாக நமத்துப்போகும்.

எண்ணெய்க்குள் நடப்பது

சூடான எண்ணெயில் மாவு விழுந்தவுடன் அதன் மேற்பரப்பிலுள்ள நீர் 100 டிகிரியை எட்டி ஆவியாகிறது. நாம் காணும் குமிழிகள் எல்லாம் இந்த நீராவியே. உள்ளிருந்து அது வேகமாக வெளியேறும் வரையில் எண்ணெய் பெருமளவில் உள்ளே புக முடியாது. மேற்பரப்பில் ஈரம் தீர்ந்த இடம் மட்டுமே 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறுகிறது. அப்போதுதான் மாவுச்சத்து உலர்ந்து, நொறுங்கும் தன்மையுள்ள ஓடாக இறுகுகிறது. நிறமும் மணமும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஈரம் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரிக்கு மேல் போகாது. ஆகவே ஓடு என்பது, நீர் விட்டுச்சென்ற இடத்தில் உருவாகும் ஒன்று.

அந்த ஓடு மெல்லியது. உலர்ந்திருக்கும் வரைதான் நொறுங்கும். சிறிதளவு நீர் திரும்ப வந்து சேர்ந்தாலும் இறுகிய மாவுச்சத்து இளகி, கடித்தால் உடையாமல் வளைகிறது. நமத்துப்போதல் என்பது இதுவே. வடையின் ஓட்டை நமக்கச் செய்யும் நீர் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து வருவதில்லை. வடையின் நடுவில் மிஞ்சியிருக்கும் ஈரமே ஆறும்போது வெளிப்புறமாக நகர்ந்து ஓட்டை அடைகிறது.

எண்ணெய் குடிப்பதும் நாம் நினைக்கும் நேரத்தில் நடப்பதில்லை. வடை பொரிந்துகொண்டிருக்கும்போது உட்புகும் எண்ணெய் குறைவு. வெளியே எடுத்தபின், ஓட்டின் நுண்துளைகளிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகச் சுருங்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் அந்தத் துளைகளுக்குள் இழுக்கப்படுகிறது. உள்ளே போகும் எண்ணெயில் பெரும்பங்கு இப்படி ஆறும் நேரத்தில் செல்வதே. எடுத்தவுடன் எண்ணெயை உதறும் பழக்கத்திற்கு இதுதான் அடிப்படை. சூடு குறைந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் வடையின்மேல் அதிகமாக ஒட்டுகிறது; அந்தச் சூட்டில் ஓடும் சரியாக இறுகுவதில்லை. இரண்டும் சேர்ந்துதான் முதல் வகைக் குறையை உண்டாக்குகின்றன.

முதல் படி: பருப்பின் ஈரத்தை எடைபோட்டு அறிதல்

கடலைப்பருப்பு 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கழுவி, அது மூழ்கிப் பல அங்குலம் மேலே நிற்கும் அளவு நீரில் 2 மணி நேரம் ஊறவிடுங்கள். நம் ஊரில் குழாய் நீரே வெதுவெதுப்பாக இருப்பதால் அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. பருப்பை நகத்தால் அழுத்தினால் உடைய வேண்டும், நடுவில் சற்றே கடினம் மிச்சமிருக்க வேண்டும். இரவு முழுவதும் ஊறவைத்த பருப்பு வேண்டிய அளவுக்கு மேல் நீரை உள்ளே வாங்கிவிடும். பின்னர் எவ்வளவு வடித்தாலும் அந்த நீர் வெளியே வராது.

ஊறியதைத் துளைக்கூடையில் கொட்டி, 20 நிமிடம் வடியவிட்டு, ஒருமுறை துணியால் ஒற்றி எடைபோடுங்கள். ஏறக்குறைய 450 கிராம் இருந்தால் சரி. 500 கிராமை நெருங்கினால் ஈரம் கூடுதலாக உள்ளது என்று பொருள். அப்போது துணியில் பரப்பி இன்னும் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். இந்த ஒரு எடையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சிக்கல் அரைப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: நீர் விடாமல் அரைத்தல்

ஒரு கைப்பிடிப் பருப்பைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியைக் காய்ந்த மிளகாய், இஞ்சி, சோம்பு ஆகியவற்றுடன் ஒரு துளி நீரும் சேர்க்காமல் கொரகொரப்பாக அரையுங்கள். மிக்சியை ஒரேயடியாக ஓடவிடாமல் விட்டுவிட்டு இயக்கி, ஒவ்வொரு முறையும் கரண்டியால் கிளறிவிட வேண்டும். அரைபடவில்லை என்று இரண்டு மேசைக்கரண்டி நீர் விடுவது வழக்கமான தவறு. நைசாக அரைந்த விழுதில் நீராவி வெளியேறும் வழிகள் அடைபட்டுவிடுகின்றன. உள் ஈரம் நடுவிலேயே தங்குகிறது. கொரகொரப்பான மாவில் பருப்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள சந்துகள் வழியாக நீராவி எளிதாக வெளியேறும். ஓட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள் நன்றாகப் பொரிந்து கரகரப்பையும் தரும். எடுத்துவைத்த முழுப்பருப்பை அரைத்த மாவில் கலந்துவிடுங்கள்.

சரியான மாவைக் கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கும், ஓரங்களில் சிறு வெடிப்புகள் தெரியும், உள்ளங்கையில் ஈரம் பளபளக்காது. உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் ஒரு கைப்பிடி மாவை மட்டும் எடுத்து இன்னும் கொஞ்சம் அரைத்துச் சேருங்கள், நீரைச் சேர்க்காதீர்கள். மாறாக மாவு இளகிவிட்டிருந்தால் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு சேர்க்கலாம், தேவைப்பட்டால் இரண்டு. அதற்கு மேல் போனால் வடை கெட்டியாகிவிடும். கோதுமை மாவு சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அதிலுள்ள பசைத்தன்மையுள்ள புரதம் ஓட்டை இழுபடச் செய்யும். ஆப்பச் சோடாவும் வேண்டாம். அது ஓட்டில் துளைகளைப் பெருக்கும். ஆறும்போது எண்ணெய் உள்ளே போக அதுவே வழியாகிவிடும்.

மூன்றாம் படி: வெங்காயமும் உப்பும் சேரும் நேரம்

முதல் ஈடு நன்றாகவும் கடைசி ஈடு மோசமாகவும் வருவதற்குரிய காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர். நறுக்கிய வெங்காயத்தில் உப்புப் பட்டவுடன் அந்த நீர் வெளியே இழுக்கப்படுகிறது. முதல் ஈடு இடும்போது கலந்து சில நிமிடங்களே ஆகியிருக்கும். நான்காம் ஈட்டிற்குள் அரை மணி நேரம் கடந்திருக்கும். அதற்குள் கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கிவிடும். கைமாறியதுபோல் தோன்றினாலும், உண்மையில் நாம் சுடுவது வேறொரு மாவைத்தான்.

இதற்கு வழி எளிது. அரைத்த பருப்பில் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பெருங்காயம் மட்டும் கலந்து வையுங்கள். பொடியாக நறுக்கிய 120 கிராம் பெரிய வெங்காயத்தைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இந்த அளவில் மொத்த மாவு ஏறக்குறைய 600 கிராம் வரும்; 30 கிராம் வீதம் 20 வடை. மாவையும் வெங்காயத்தையும் நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு ஈட்டிற்கும் முன்னால் ஒரு பங்கு மாவில் ஒரு பங்கு வெங்காயத்தையும் கால் தேக்கரண்டி உப்பையும் கலந்து, உடனே தட்டி இடுங்கள். வெங்காயம் அதிகம் போட்டால் சுவை கூடும் என்பது உண்மையே. ஆனால் நான் 150 கிராமுக்கு மேல் போவதில்லை.

நான்காம் படி: எண்ணெயின் சூட்டைக் கணக்கிடுதல்

பொட்டலமாக விற்கப்படும் ஒரு கிலோ பாமாயிலை ஓர் ஆழமான வாணலியில் ஊற்றுங்கள். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. பாமாயில் பொரிப்பதற்கு ஏற்றது. நல்ல புதிய எண்ணெய் 200 டிகிரிக்கு மேல்தான் புகையத் தொடங்கும். ஆகவே எண்ணெய் புகைந்தால்தான் காய்ந்ததென்று காத்திருப்பது வடைக்கு மிகையான சூடு. நமக்கு வேண்டியது 175 டிகிரி.

சமையல் வெப்பமானி ஒன்று வாங்குவது நல்லது. வாங்கியதும் கொதிக்கும் நீரில் வைத்துப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் கடல்மட்டத்தில் இருப்பதால் அது 100 காட்ட வேண்டும். எண்ணெயில் வைக்கும்போது அதன் முனை வாணலியின் அடியைத் தொடக் கூடாது. வெப்பமானி இல்லாதவர்கள் மிளகளவு மாவை இட்டுப் பார்க்கலாம். அது அடியிலேயே கிடந்து சோம்பலாகக் குமிழி விட்டால் சூடு போதாது. சற்று அமிழ்ந்து ஓரிரு நொடியில் சீரான குமிழிகளுடன் மேலெழுந்தால் சரியான சூடு. விழுந்த மாத்திரத்தில் மேலே வந்து சில நொடிகளில் சிவந்தால் கூடிவிட்டது. அடுப்பை அணைத்துச் சிறிது நேரம் காத்திருங்கள்.

இப்போது ஒரே நேரத்தில் எத்தனை வடை இடலாம் என்பதைப் பார்ப்போம். ஒரு கிலோ எண்ணெயின் சூட்டை ஒரு டிகிரி மாற்றுவதற்கு ஏறக்குறைய 2 கிலோஜூல் வெப்பம் போதும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க அதைவிடச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 2.26 கிலோஜூல் தேவை. அதாவது ஒவ்வொரு கிராம் நீர் ஆவியாகும்போதும் நம் ஒரு கிலோ எண்ணெய் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சூட்டை இழக்கிறது. அதை அடுப்பு ஈடுகட்ட வேண்டும். மாவின் ஈரம் எண்ணெயின் சூட்டை எப்படித் தின்கிறது என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிகிறது.

ஐந்து வடையின் எடை 150 கிராம். அறைச் சூடான 28 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை அந்த மாவைக் கொண்டுசெல்லவே ஏறக்குறைய 32 கிலோஜூல், அதாவது எண்ணெயின் சூட்டில் 16 டிகிரி செலவாகிறது. 175 டிகிரி எண்ணெய் 160 டிகிரிக்கு அருகே இறங்கும். வீட்டு அடுப்பு அதைத் தாங்கிப்பிடித்துவிடும். அவசரத்தில் பத்து வடையை இட்டால் இந்த இறக்கம் 32 டிகிரி. ஆவியாகும் நீருக்கான செலவும் உடனடியாக இரட்டிப்பாகிறது. எண்ணெய் 140 டிகிரிக்கும் கீழே போய், எழும்ப வழியின்றிச் சில நிமிடங்கள் அங்கேயே நிற்கும். பத்து வடையும் எண்ணெய் குடிப்பது அந்த நிமிடங்களின் விளைவே. குளிர்ப்பெட்டியிலிருந்து நேராக எடுத்த மாவாக இருந்தால் ஐந்து வடைக்கே மேலும் ஐந்தாறு டிகிரி கூடுதலாக இறங்கும். அப்படிப்பட்ட மாவைச் சற்று முன்னதாக வெளியே எடுத்துவைக்க வேண்டும், அல்லது நான்கு வடையுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: சுடுதல்

உள்ளங்கையை நீரில் நனைத்து வடை தட்டுவது பலருக்கும் பழக்கம். அந்த நீர் வடையின் மேற்பரப்பில்தான் தங்குகிறது, அதாவது ஓடு உருவாக வேண்டிய இடத்தில். கையில் எண்ணெய் தடவித் தட்டுவதே மேல். ஆறு சென்டிமீட்டர் அகலம், நடுவில் ஒரு சென்டிமீட்டர் தடிமன், ஓரம் அதைவிட மெலிவு: இந்த அளவில் தட்டினால் ஓரம் முழுதும் மொறுமொறுப்பாகவும், நடு மென்மையாகவும் வரும். உருண்டையாகத் தடித்த வடையில் நடுவிலுள்ள ஈரத்தை வெளியேற்ற நேரம் போதாது.

வாணலியின் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக வழுக்கி விடுங்கள். விட்டதும் ஒரு நிமிடம் தொடாதீர்கள். ஓடு இறுகுவதற்கு முன் திருப்பினால் வடை உடைந்து எண்ணெய் உள்ளே போகும். இடும் நேரத்தில் தீ பெரிதாக இருக்கட்டும். ஒரு நிமிடம் கழிந்து குமிழிகள் சீரானதும் நடுத்தரமாகக் குறைத்து, எண்ணெயை 160 முதல் 165 டிகிரிக்குள் வைத்திருங்கள். திருப்பிவிட்டு, மொத்தம் நான்கிலிருந்து ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். கடைசி அரை நிமிடத்தில் தீயைச் சற்றுக் கூட்டி எண்ணெயை மீண்டும் 175 டிகிரிக்குக் கொண்டுவந்து எடுத்தால், மேலே ஒட்டும் எண்ணெய் நீர்த்து எளிதாக வடியும்.

எப்போது எடுப்பது என்பதை நிறத்தை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் வடை சுடும் அக்கா ஒருவரிடம் இதைக் கேட்டபோது, "தம்பி, எண்ணெ சத்தம் போட்டுக்கிட்டே இருந்தா உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம். சத்தம் அடங்கட்டும், அப்புறம் எடுங்க," என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. குமிழிகளே வெளியேறும் நீராவி என்பதால், தொடக்கத்தில் பெரிய குமிழிகளுடன் பொங்கிய எண்ணெய், சிறு குமிழிகளாகத் தணிந்து ஓசையும் குறையும்போதுதான் ஓடு போதிய அளவு உலர்ந்திருக்கும். நிறம் வந்தும் ஓசை அடங்காமல் இருந்தால் எண்ணெய் அதிகச் சூடாக இருந்திருக்கிறது. அந்த ஈடு பத்து நிமிடத்தில் நமத்துப்போகும். ஓசை அடங்கியும் நிறம் வராமல் இருந்தால் சூடு போதவில்லை. அந்த ஈட்டில் எண்ணெய் கசியும். ஒவ்வொரு ஈட்டிலும் இந்த இரண்டையும் ஒருசேரக் கவனித்தால் அடுத்த ஈட்டில் தீயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஆறாம் படி: எடுத்த பின் முதல் சில நிமிடங்கள்

சல்லிக்கரண்டியில் வடையை எடுத்ததும், எண்ணெய்க்கு மேலேயே வைத்து இரண்டு மூன்று முறை நன்றாக உதறுங்கள். நீராவி குளிர்வதற்கு முன் மேலுள்ள எண்ணெய் வடிந்துவிட வேண்டும் என்பதால் இதை உடனடியாகச் செய்ய வேண்டும். பிறகு கம்பித் தட்டில், ஒன்றன்மேல் ஒன்று படாதபடி, முடிந்தால் ஓரம் சாய்த்து நிறுத்தி வையுங்கள். காகிதத்தின்மேல் அப்படியே கிடத்தினால் மேற்புறம் உலர்ந்தாலும் அடிப்புறத்திலிருந்து வரும் நீராவி காகிதத்தில் சிக்கி அந்தப் பக்கத்தை நமக்கச் செய்யும். காகிதம் பயன்படுத்துவதானால் ஓரிரு நிமிடம் ஒற்றியெடுத்துக் கம்பித் தட்டிற்கு மாற்றுங்கள்.

மூடிவைப்பதுதான் மிகப் பெரிய கேடு. சுடச்சுட வடைகளை மூடியுள்ள பாத்திரத்திலோ பிளாஸ்டிக் பையிலோ இட்டால், வெளியேறும் நீராவி மூடியில் நீராகி வடையின் மேலேயே விழுகிறது. எடுத்துச்செல்ல வேண்டுமென்றால் குறைந்தது பத்து நிமிடம் ஆறவைத்து, வாய் திறந்த காகிதப் பையில் போடுங்கள். முறுக்கிற்கு இது பொருந்தாது. முறுக்கு உள்ளும் புறமும் முழுதாக உலர்ந்தது. அதனுள் மிச்ச ஈரம் இல்லை. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரமே அதன் பகை என்பதால் ஆறியவுடன் காற்றுப் புகாத தகரப் பெட்டியில் அடைக்க வேண்டும். முறுக்கைக் காக்கும் அதே பெட்டி, நடுவில் ஈரம் உள்ள வடையைக் கெடுத்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பருப்பு வடையின் ஓடு அரை மணி நேரத்திற்கு மேல் முழு மொறுமொறுப்புடன் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நடு மென்மையாக இருக்க வேண்டுமென்றால் அங்கே ஈரம் இருந்தாக வேண்டும். அந்த ஈரம் மெல்ல வெளியே வந்தே தீரும்.

விருந்திற்கு முன்கூட்டியே சுட வேண்டியிருந்தால்

நேரத்தோடு சுட்டுவைக்க வேண்டிய நாள்களில் இருமுறை பொரிப்பதே நல்ல வழி. முதல் முறை 155 டிகிரியில், ஓடு வெளிர் மஞ்சளாக இறுகும் வரை மூன்று நிமிடம் பொரித்துக் கம்பித் தட்டில் வையுங்கள். பரிமாறும் நேரம் வரை ஒரு மணி நேரம் இருக்கலாம். இதற்கிடையில் நடுவிலுள்ள ஈரம் ஓட்டை நோக்கி நகர்ந்திருக்கும். வடை தொட்டால் தளர்வாகத் தெரியும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். இரண்டாம் முறை 185 டிகிரியில் ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் இட்டால், ஓட்டுக்கு வந்துசேர்ந்த அந்த ஈரம் விரைவாக ஆவியாகி, முதல் முறையைவிட உலர்ந்த, உறுதியான ஓடு கிடைக்கும். மிச்சமான பழைய வடைகளையும் இப்படியே மீட்கலாம். நுண்ணலை அடுப்பில் சூடாக்கினால் உள் ஈரம் முழுவதும் ஓட்டிற்குத் தள்ளப்பட்டு வடை ரப்பராகிவிடும்.

இதே எண்ணெயை மறுநாள் பயன்படுத்துவதாக இருந்தால், ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, அடியில் கருகிய பருப்புத் துகள்களை முழுதும் நீக்கி, மூடி இருட்டான இடத்தில் வையுங்கள். மறுமுறை காய்ச்சும்போது மாவு இடுவதற்கு முன்பே நுரை கட்டினாலும், இட்ட பிறகு எழும் நுரை அடங்காமல் விளிம்பு வரை ஏறி நின்றாலும், 175 டிகிரிக்கு வருவதற்குள் புகைந்தாலும், விரலிடையில் பிசுக்கென்று ஒட்டினாலும் அந்த எண்ணெய் சிதைந்துவிட்டது. அது வடையின்மேல் தடித்து ஒட்டும். மாவின் ஈரமும் தீயின் அளவும் எவ்வளவு சரியாக இருந்தாலும் வடை எண்ணெய் குடிக்கவே செய்யும். புதிய எண்ணெயைக் கலந்து அதைச் சரிசெய்ய முயலாமல், முழுவதையும் மாற்றிவிட்டு அடுத்த ஈட்டைத் தொடங்குங்கள்.